வெயில் குறிப்பில் விட்டுப்போன வரி

இருபத்தொன்பது வருடம் சாந்தோம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே வீட்டில் இருக்கிறவர்களை உட்காரவைத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டேன். 'நீ வெளியே யாரையாவது பிடித்துப் பாடம் நடத்து, எங்களை விட்டுவிடு' என்று என் வீட்டுக்காரர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டதால்தான் மயிலாப்பூர் நடை பிறந்தது. சனி, ஞாயிறு காலைகளில் ஒரு பத்துப் பேரை அழைத்துக்கொண்டு, கோயில் குளத்தில் ஆரம்பித்து, மாட வீதிகளைச் சுற்றி, கச்சேரி ரோடு வழியாக எங்கள் சாந்தோம் தேவாலயம் வரை கதை சொல்லிக்கொண்டே நடப்பேன். வருகிறவர்கள் காசு கொடுத்து என் பேச்சைக் கேட்கிறார்கள் என்பதை என் வீட்டில் இன்றுவரை யாரும் நம்பவில்லை.

சென்னையில் வைகாசி வெயிலில் மனிதர்களைத் தெருவில் நடத்திக்கொண்டு போவது விளையாட்டுக் காரியம் இல்லை. அதனால் கோடைக்கென்று ஒரு குறிப்பு எழுதினேன். நடைக்கு முந்தின நாள் மாலை எல்லோருக்கும் வாட்ஸப்பில் போகும். ஒன்றரைப் பக்கம். ஒரு வாரம் உட்கார்ந்து, எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒரு டாக்டரம்மாவிடம் இரண்டு முறை காட்டித் திருத்தி எழுதியது. என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே சிறந்தது அதுதான் என்று மனதுக்குள் ஒரு பெருமை இருந்தது. இருந்தால் என்ன தப்பு?

காலை ஆறு மணிக்குத் தொடங்குவோம், எட்டரைக்கு முடித்துவிடுவோம், எத்தனை மணிக்குத் தொடங்கினாலும் முடிவது எட்டரைதான் என்று முதலில் போட்டிருந்தேன். வெறும் காபியைக் குடித்துவிட்டு வராதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். பருத்தித் துணி, குடை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் அளவு குடிக்க வேண்டும். இருதயம், சிறுநீரகம் என்று டாக்டர் தண்ணீரை அளந்து கொடுத்திருந்தால் அவர் சொன்ன அளவுதான், அதை என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் என் பையில் இருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு வந்தால் உடனே நிழலில் உட்கார்ந்து எனக்குச் சொல்ல வேண்டும். யாராவது முன்னுக்குப் பின் முரணாகப் பேசினாலோ, தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது சாதாரணக் களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. வியர்த்துக்கொண்டிருந்தாலும் சரி, வியர்வை நின்றிருந்தாலும் சரி, உடனே 108.

எல்லாம் சரியான விஷயங்கள். இன்றைக்கும் அதில் ஒரு வரியைக்கூட நான் அடிக்கவில்லை.

ஆனால் அந்தக் கோடை முழுக்க ஒரு விஷயம் என்னை எரிச்சல்படுத்திக்கொண்டே இருந்தது. பெண்கள் பாட்டில் கொண்டுவருவார்கள். நிறைய நிறையக் கொண்டுவருவார்கள். ஆனால் குடிக்க மாட்டார்கள். 'தண்ணீர் நேரம்!' என்று நான் பள்ளிக்கூட மணி மாதிரி அடிப்பேன். ஆண்கள் அண்ணாந்து மடக்மடக்கென்று குடிப்பார்கள். பெண்கள் மூடியைத் திறந்து, உதட்டை நனைத்து, மூடியை மூடிவிடுவார்கள். நடை முடியும்போதும் பாட்டில் கழுத்துவரை அப்படியே இருக்கும். 'இதென்ன, அபிஷேகத்துக்கா கொண்டுவந்தீர்கள்?' என்று கேட்பேன். சிரிப்பார்கள். படித்த பெண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஒரு வாட்ஸப் செய்தியைப் படித்து நடந்துகொள்ளத் தெரியவில்லையே என்று வீட்டுக்கு வந்து புலம்புவேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் 'ம்' என்பார்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் மேற்கு மாம்பலத்தில் ஒரே அடுக்குமாடியில் இருக்கும் எட்டுப் பெண்கள். கத்தரி வெயில் நடந்துகொண்டிருந்தது. அவர்களில் ஒருவரான அசோசியேஷன் செயலாளர் அம்மாதான் என்னோடு பேசி ஏற்பாடு செய்திருந்தார். ஆறு மணிக்குக் குளத்தங்கரையில் நிற்க வேண்டியவர்கள் ஏழேகாலுக்கு வேனில் வந்து இறங்கினார்கள். செயலாளர் அம்மா இறங்கும்போதே கையைக் கூப்பிக்கொண்டு இறங்கினார்.

"கோச்சுக்காதீங்க மேடம். கிளம்பற நேரத்துக்குத் தண்ணி லாரி வந்திடுச்சு. மூணு நாளா வரல. விட்டா திங்கக்கிழமைதான்."

இதற்கு மேல் என்ன கோபித்துக்கொள்வது? தண்ணீர் லாரி என்றால் மாப்பிள்ளை அழைப்பைக்கூட நிறுத்திவைக்கும் ஊர் இது. என் வீட்டிலும் தரைக்கடியில் சம்ப் இருக்கிறது, எனக்கும் லாரி வருகிறது.

அந்த எட்டுப் பேரில் ஒரு மாமி இருந்தார். அறுபத்து நாலு வயது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒல்லியான உடம்பு, தோளில் சேலையை மூன்று பின் குத்திக் கச்சிதமாகக் கட்டியிருந்தார். அவர்கள் ஃப்ளாட்டில் மோட்டார் போட்டு நிறுத்துகிற பொறுப்பு அவருடையது. குளத்தைப் பார்த்ததும் முதல் கேள்வி அவரிடமிருந்துதான் வந்தது. "இந்தக் குளத்துக்குத் தண்ணி எங்கேருந்து வர்றது மேடம்? மழைத் தண்ணி எந்தப் பக்கமா உள்ள இறங்கறது?" நான் பதில் சொல்ல, பதிலிலிருந்து இன்னொரு கேள்வி கேட்டார். வகுப்பில் இப்படி ஒரு பெண் கிடைத்துவிட்டால் டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? மற்ற ஏழு பேரை மறந்து அவருக்கே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

என் குறிப்பின்படி அன்றைக்கு மாட வீதிகளோடு முடித்திருக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கினாலும் முடிவது எட்டரை என்று நானே எழுதியிருக்கிறேன். எட்டரைக்குக் கீழ மாட வீதியில் நின்று, "இன்னைக்கு இவ்வளவுதான்" என்றேன். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மாமிதான் கேட்டார். "உங்க சர்ச் பாக்காமலேயா போறது? நீங்க சின்ன வயசுல ஞானஸ்நானம் வாங்கின இடம்னு சொன்னேளே. அதுக்காகத்தானே வந்தோம்."

என் நடையின் உச்சம் அந்த இடம்தான். எங்கள் குடும்பத்தில் எத்தனையோ தலைமுறையாகத் திருமணமும் அடக்கமும் அங்கேதான். அதைச் சொல்லும்போது என் குரலே மாறும், கேட்கிறவர்கள் கண்ணும் கலங்கும். அதை விட்டுவிட்டு முடிப்பதற்கு எனக்கும் மனசு வரவில்லை. "சரி, வேகமா நடக்கலாம்" என்றேன். ஊருக்குத்தான் உபதேசம்.

கச்சேரி ரோட்டில் அந்த நேரத்துக்கு நிழல் என்பது கடைகளின் தகரக் கூரைக்கு அடியில் ஒரு முழம் அகலத்துக்குத்தான். அதிலும் பைக் நிற்கும். காற்று அசையவில்லை. கடற்காற்று உள்ளே வர இன்னும் நேரம் இருந்தது. ஒன்பது மணிக்கு ஒருமுறை நிறுத்தி, "தண்ணீர் நேரம்!" என்றேன். எட்டு மூடிகள் திறந்தன, எட்டு உதடுகள் நனைந்தன, எட்டு மூடிகள் மூடின. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "குடிக்கிறதுக்குத்தாங்க தண்ணி" என்றேன் கடுமையாகவே. மாமி ஒரு குற்றவாளிச் சிரிப்புச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை. இதை நான் கவனித்தேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, நான் கடிந்துகொண்டதால் முகம் வாடிவிட்டது என்று நினைத்தேன். டீச்சர் புத்தி. பிள்ளைகள் பேசாமல் இருந்தால் அது நம்மால்தான் என்று தோன்றிவிடும். ஒரு பழைய வீட்டின் முகப்பைக் காட்டி, "மாமி, இதுல என்ன வித்தியாசம் தெரியுது சொல்லுங்க பார்ப்போம்" என்று சமாதானமாகக் கேட்டேன்.

அவர் வீட்டைப் பார்க்கவில்லை. நடுத்தெருவில் நின்றுவிட்டார். "மோட்டார் ஓடிண்டிருக்கு" என்றார். "நிறுத்தாம வந்துட்டேன். டேங்க் வழியறது."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் அம்மா, "மாமிக்கு எங்க போனாலும் மோட்டார் ஞாபகம்தான். தூக்கத்துலகூட மோட்டார்!" என்றார். இன்னொருவர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "மோட்டார் நின்னிருக்கா பாருங்க" என்று சொல்லவே ஆரம்பித்துவிட்டார். எனக்கும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. சென்னையில் எந்த வீட்டுப் பெண் எந்தக் கல்யாணத்தில் இதைச் சொல்லவில்லை? அதற்குள் மாமி மறுபடி, "வழியறது பாருங்கோ" என்று காலடியில் காட்டினார். காய்ந்த தார்ரோடு.

"மாமி, என்னைப் பாருங்க. இப்ப நாம எங்க இருக்கோம்?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ஆத்துலதான்" என்றார்.

கழுத்தில் கையை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தின் கடைசி வரி அப்படியே என் கண்முன் நின்றது. முன்னுக்குப் பின் முரணான பேச்சு. நெருப்பாகச் சுடும் உடம்பு. இத்தனை நாளும் அதை எழுத்தாகத்தான் பார்த்திருந்தேன்.

நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு மெத்தைக் கடை. கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். ஐம்பது வயதிருக்கும், தொப்பி போட்ட பாய், வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர், நாங்கள் இரண்டு பேர் மாமியைத் தாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"இன்னா மேடம் ஆச்சு? மயக்கமா? உள்ள இட்டாங்க, உள்ள இட்டாங்க!"

"வெயில் தாக்கிடுச்சு பாய். ஃபேன் இருக்கா? ஐஸ் கிடைக்குமா?"

"ஃபேன் கீது. ஐஸ் பக்கத்து ஜூஸ் கடையில கீது, தோ இட்டாறேன்."

ஒரு கோரைப்பாயை விரித்துப் போட்டார், பெரிய நிற்கும் ஃபேனைத் திருப்பிவிட்டார், ஐஸுக்கு ஓடினார். நான் செயலாளர் அம்மாவிடம், "108க்குப் போடுங்க. வெப்பத்தாக்கு, பேச்சு குழறுதுன்னு சொல்லுங்க. கடை அட்ரஸ் போர்டுல இருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அதற்குள் இரண்டு பேர் மாமியின் தலையைத் தூக்கி வாயில் தண்ணீர் ஊற்றப் போனார்கள். மூன்றாமவர் சோடா வாங்கி வரட்டுமா என்றார். மயங்குகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது நம் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம். பாட்டிலைப் பிடுங்கினேன்.

"வாயில ஊத்தாதீங்க! நினைவு தெளிவா இல்லாதப்போ மூச்சுக்குழல்ல போயிடும். மேல ஊத்துங்க. கழுத்துல, அக்குள்ல, தொடையில. எல்லா பாட்டிலையும் கொண்டாங்க!"

எட்டு பாட்டில்கள் வந்தன. எட்டும் கழுத்துவரை நிரம்பியிருந்தன. எட்டு லிட்டர் தண்ணீர். மூன்று பின்களையும் கழற்றி, சேலையைத் தளர்த்தி, ஜாக்கெட் கொக்கிகளை அவிழ்த்தோம். பெண்கள் தாங்களாகவே குடைகளை விரித்துக் கடை வாசலை மறைத்து நின்றுகொண்டார்கள். பூப்போட்டது, கறுப்பு, ஏதோ வங்கி இலவசமாகக் கொடுத்தது என்று ஐந்து குடைகள். உள்ளே நாங்கள் ஊற்றினோம். ஃபேன் காற்று நனைந்த உடம்பில் அடித்தது. பாய் ஐஸ் பையைக் குடைக்கு மேலாக நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேற இன்னா வோணும் சொல்லுங்க" என்றார். ஐஸைத் துண்டில் சுற்றிக் கழுத்துப் பக்கமும் அக்குளிலும் வைத்தோம். நான் வாய்விட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். பக்கத்தில் ஒருவர் சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்கு இரண்டும் காதில் விழவில்லை. இந்தப் பெண்மணி சாகக்கூடாது, என் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டு வந்தவர் என்னால் சாகக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. ஆறாவது பாட்டில் முடியும்போது மாமி கண்ணைத் திறந்து, "குளிர்றது" என்றார். அதைவிட இனிமையான சொல்லை நான் கேட்டதில்லை. செயலாளர் அம்மா கூட ஏறிக்கொண்டார். வண்டி போயிற்று.

கடைக்குள் ஏழு பேர் நின்றோம். ஆறு விருந்தினர்கள், நான். தரையெல்லாம் தண்ணீர், இரண்டு மெத்தை ஓரம் நனைந்திருந்தது. பாய் மாப்பைத் தேடிக்கொண்டே, சும்மா ஒரு உபசாரத்துக்குத்தான் சொன்னார்.

"பின்னாடி பாத்ரூம் கீது மேடம். யாருக்காச்சும் மூஞ்சி கழுவணும்னா போங்க. க்ளீனாத்தான் கீது."

ஆறு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். ஒரு தோழி ஆம்புலன்ஸில் போயிருக்கிறாள், கண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை, ஆனால் ஆறு பெண்களும் மெத்தைகளுக்கு நடுவே வரிசையில் நின்றார்கள். முதலில் போனவர் வெளியே வந்ததும் அடுத்தவர். எவரும் முகம் கழுவப் போகவில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் பாட்டிலைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்தார்கள். குடித்தால் எங்கே போவது? நான் காட்டிய கோபுரம், குளம், பழைய வீடு எதிலும் அதற்கு வழியில்லை. என் ஒன்றரைப் பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று டம்ளர் கணக்கு இருந்தது. அது எங்கே வெளியே போக வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

இதை ஓர் ஆண் எழுதியிருந்தால் தெரியாமல் எழுதிவிட்டான் என்று திட்டிவிட்டுப் போகலாம். நான் எழுதினேன். பள்ளியில் நாற்பது டீச்சர்களுக்கு ஒரு கழிப்பறை, அதுவும் மாடிப்படிக்கு அடியில். அதற்கு வரிசையில் நின்றால் அடுத்த பீரியடுக்கு மணி அடித்துவிடும். காலையில் அரை டம்ளர் காபி, அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஒரு சொட்டுக் கிடையாது. அப்படி இருபத்தொன்பது வருடம். வருடத்துக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு வந்து படுப்பேன், அது டீச்சர் வேலைக்கு வருகிற நோய் என்று மாத்திரை போட்டுக்கொள்வேன். எனக்கா தெரியாது? தெரிந்ததால்தான் எழுதவில்லை போலிருக்கிறது. அடக்கிக்கொள்வது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதை யார் குறிப்பில் எழுதுவார்கள்?

அப்போதுதான் என் தோள்பையைப் பார்த்தேன். பக்கவாட்டில் என் பாட்டில் செருகியிருந்தது. களேபரத்தில் அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அதுவும் கழுத்துவரை நிரம்பியிருந்தது.

ஆறாவது பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "நீங்களுமா மேடம்?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவருக்கும் வந்தது. பாய் மாப்பைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ வேலை இருப்பது மாதிரி வெளியே போய் நின்றுகொண்டார். நல்ல மனிதர். நனைந்த மெத்தைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகக் கேட்டபோது, "வெயில்ல போட்டா ஒரு அவர்ல காஞ்சிடும் மேடம். இந்த வெயிலு அதுக்காச்சும் ஒதவட்டும்" என்றார்.

மாலையில் மருத்துவமனைக்குப் போனேன். மாமி தெளிவாக இருந்தார். கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. வருவதற்கு முன்பே நனைத்துக் குளிர்வித்ததுதான் காப்பாற்றியது, இரண்டு நாள் வைத்திருந்து சிறுநீரகத்தைப் பரிசோதித்துவிட்டு அனுப்புவோம் என்று டாக்டர் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் மாமி கேட்டுவிட்டார்.

"உங்க கிளாஸைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுடுங்கோ. உங்க நோட்டை மூணு தரம் படிச்சேன் மேடம். அவ்வளவு நன்னா எழுதியிருந்தேள். எங்க போறதுங்கறது மட்டும் அதுல இல்ல. ஃபோன் பண்ணிக் கேக்கலாம்னு நெனச்சேன். இதைப் போய் எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன். அதான் கார்த்தாலேருந்து அரை டம்ளர் காபியோட நிறுத்திண்டேன்."

"நானும் அரை டம்ளர் காபிதான் மாமி" என்றேன்.

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு நம்பினார். இரண்டு பேரும் சிரித்தோம். நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக, வகுப்பில் பேசிய பிள்ளை மாதிரி திட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நடையை ரத்து செய்தேன். திங்கட்கிழமை காலை குடையோடு கிளம்பி நடந்தேன், கழிப்பறை தேடி. கேட்பதற்கு முதலில் கூசியது. இரண்டாவது இடத்தில் கூச்சம் போய்விட்டது. குளத்துப் பக்கம் ஆறு மணிக்கே திறக்கும் ஒரு டிபன் கடையின் முதலாளி, "கூட்டிட்டு வாங்க, ஆளுக்கு ஒரு காபி குடிச்சா போதும்" என்றார். கச்சேரி ரோட்டில் பாய், காலை ஏழு மணிக்குத் தன் வீட்டம்மாவிடம் பின்பக்கக் கதவைத் திறந்துவைக்கச் சொல்கிறேன் என்றார். கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. சாந்தோமில் எங்கள் பங்குத் தந்தையிடம் போய் ஹால் கழிப்பறைச் சாவி கேட்டேன். "இத்தனை வருஷத்துல நீங்க என்கிட்ட கேட்ட முதல் உபயோகமான விஷயம் டீச்சர்" என்றார். தேவாலயப் பாடகர் குழுவைப் பற்றி நான் அவருக்கு எழுதிய கடிதங்களை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று புரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

குறிப்பின் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: 'வழியில் மூன்று இடங்களில் சுத்தமான கழிப்பறை உண்டு, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நிற்போம், அதனால் தயங்காமல் தண்ணீர் குடியுங்கள்.' அதற்குப் பிறகுதான் மணி, குடை, இட்லி எல்லாம். தி. நகரிலிருந்து வந்த ஒரு பெரியவர், வரலாற்று நடைக்கு முதல் வரியே இதுவா, நாகரிகமாக இல்லையே என்று பதில் போட்டார். உங்களோடு வரும் உங்கள் மனைவியிடம் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள் என்று பதில் அனுப்பினேன். அவர் மறுபடி எழுதவில்லை. இரண்டு பேரும் வந்தார்கள், அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

எட்டரை என்றால் எட்டரைதான் என்பதையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எந்த மகராஜன் கெஞ்சினாலும் கிடையாது. லாரி வந்து தாமதமானால் மாட வீதியோடு சரி, என் ஞானஸ்நானக் கதை இன்னொரு நாளைக்கு.

ஆடி கழிந்து இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை மாமி மறுபடி வந்தார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன் என்று இறங்கும்போதே சொன்னார். இந்த முறை பஸ்ஸில், தனியாக, ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்து நின்றார். மற்றவர்கள் அடையாறிலிருந்து வந்த ஒரு குடும்பம். டிபன் கடையில் மாமி முதல் ஆளாக உள்ளே போய் வந்தார். பாய் வீட்டில் இரண்டாவது முறை. பாய் வீட்டம்மா அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பினார். கேள்விகளும் பழையபடி வந்துகொண்டே இருந்தன. அடையாறுப் பையன் ஒருவன் சலித்துக்கொள்ளும் அளவுக்கு வந்தன.

எட்டு மணிக்குத் தேவாலயத்தின் முன்னால் மர நிழலில் நின்று, நான் ஞானஸ்நானம் வாங்கிய கதையை ஆரம்பித்தேன். குரல் மாறும் இடத்துக்கு வந்துவிட்டேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாமி கையை உயர்த்தினார்.

"என்ன மாமி? கேள்வியா?"

"கேள்வி இல்ல மேடம்" என்று பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. "தண்ணி தீந்துடுத்து. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

இத்தனை நடைகளில் ஒரு பெண் என்னிடம் தண்ணீர் கேட்டது அதுதான் முதல் தடவை. கதையை அப்படியே நிறுத்திவிட்டு, பாட்டிலை வாங்கிக்கொண்டு ஹாலுக்குள் ஓடினேன்.